பிள்ளைகளின் அடுக்குக் கட்டில்: மூன்று முறை பிரித்துக் கட்டிய கதை

நேற்று காலை கட்டிலின் நான்கு கால்களையும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை, சத்தமும் இல்லை. கடைசியாகப் பிரித்துக் கட்டி ஏழு மாதம் ஆகிறது. போல்ட் தலைகளில் நான் போட்டு வைத்த மார்க்கர் கோடுகளும் போட்ட இடத்திலேயே இருக்கின்றன. இனிமேல் இதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. இருவருக்கும் ஒரே அறை. திருச்சியில் வாடகை வீடு. அறை 10 அடிக்கு 11 அடி. இரண்டு கட்டில் போட்டால் நடக்க இடம் இருக்காது. கடையில் பார்த்த இரும்பு அடுக்குக் கட்டில்கள் கை வைத்தாலே ஆடின. மரத்தில் நாமே செய்துவிடலாம் என்று புரட்டாசியில் இறங்கினேன். என் மாமனார் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்பேனர் செட்டும் டிரில்லும் அவருடையவை. மர வேலைக்கு ஒன்றரை நாள் மட்டும் ஆசாரியை அழைத்தோம்.

பழைய வீட்டை இடித்த தேக்கு, பழைய மரக்கடையில் 4 கன அடி வாங்கினேன். பழைய மரத்தில் ஆணி ஒளிந்திருக்கும். ரம்பத்துக்குக் கொடுப்பதற்கு முன் காந்தத்தை ஓட்டிப் பார்த்ததில் பதினோரு ஆணி கிடைத்தது. கால்கள் இரண்டரை அங்குலச் சதுரம், ஐந்தரை அடி உயரம். நீளச் சட்டங்கள் 6 அங்குல அகலம், ஒண்ணேகால் அங்குலக் கனம்.

வீடு மாற்றும்போது கட்டில் வாசல் வழியாகப் போக வேண்டும். அதனால் தலைமாடு ஒரு துண்டு, கால்மாடு ஒரு துண்டு என்று முடிவு செய்தோம். அந்த இரண்டையும் ஆசாரி துளை, கழுந்து வைத்துப் பசை போட்டு நிரந்தரமாக இணைத்துவிட்டார். அவற்றை இணைக்கும் நான்கு நீளச் சட்டங்கள் மட்டும் கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும். அந்த எட்டு இணைப்புகளைத்தான் நான் தவறாகச் செய்தேன்.

ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு எல் ஆங்கிள் வைத்து மர ஸ்க்ரூ போட்டேன். காலின் வெளிப்பக்கத்திலிருந்து நான்கு அங்குல ஸ்க்ரூ இரண்டை உள்ளே ஏற்றினேன். முதல் நாள் பாறை மாதிரி நின்றது. மூன்று வாரத்தில் கீச் சத்தம் தொடங்கியது. மகன் கீழ்க் கட்டிலில் புரண்டாலே மேலே படுத்திருப்பவள் விழித்துக்கொள்வாள். கார்த்திகையில் கால்மாட்டைத் தள்ளிப் பார்த்தபோது காலுக்கும் சட்டத்துக்கும் இடையில் விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி திறந்து மூடியது. கட்டில் நீளவாக்கில் இப்படியும் அப்படியும் சாய்ந்துகொண்டிருந்தது. ஸ்க்ரூவை இறுக்கினேன். ஒரு சுற்று இறுகி, பிறகு சும்மா சுற்றியது.

மாமா ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி அதன் மரையைக் காட்டினார். மரைக்குள் மாவு மாதிரி மரத்தூள்.

"சட்டத்தோட முனையில நார் நீளவாக்குல ஓடுதும்மா. நீ நாருக்கு நடுவுல ஸ்க்ரூவைச் செருகியிருக்கே. பக்கவாட்டுல ஏத்தினா நாரைக் குறுக்கே பிடிச்சு நிக்கும். இப்படி ஏத்தினா ஆட்ட ஆட்டத் தூளாகி வந்துடும்."

"பெரிய ஸ்க்ரூ போட்டா நிக்காதா மாமா?"

"கொஞ்ச நாள் நிக்கும். மரத்துக்குள்ள இரும்பு நட் வேணும்."

அவர் சொன்னதுதான் பேரல் நட். ஒரு சின்ன இரும்பு உருளை, அதன் குறுக்கே மரை வெட்டிய துளை. சட்டத்தின் உட்பக்கத்தில் துளை போட்டு உருளையை இறக்க வேண்டும். காலின் வெளியிலிருந்து வரும் போல்ட், சட்டத்தின் முனை வழியாக நுழைந்து அந்த மரையைப் பிடிக்கும். இழுவையை ஸ்க்ரூ மரை தாங்குவதில்லை. உருளைக்கும் சட்டத்தின் முனைக்கும் இடையில் இருக்கும் மரம் தாங்குகிறது. அதனால் முனையிலிருந்து உருளை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஒரு துண்டு மரத்தில் 20 மி.மீ தள்ளி வைத்து இறுக்கிப் பார்த்தோம். நார் வாக்கில் முனை வரை கீறல் விட்டது. 50 மி.மீ தள்ளி வைத்த துண்டில் வாஷர் மரத்துக்குள் புதைந்ததே தவிர கீறல் வரவில்லை. 50 என்றே வைத்துக்கொண்டோம்.

அதற்கு எம்8, 120 மி.மீ நீள எலன் போல்ட் வேண்டும். கணக்கு இதுதான். கால் 63 மி.மீ. போல்ட் தலை வெளியே துருத்தாமல் இருக்க 10 மி.மீ ஆழத்துக்குக் குழி. மீதம் 53, வாஷர் 2. சட்டத்துக்குள் போவது 65. உருளையின் மையம் 50இல் இருப்பதால் போல்ட் அதைத் தாண்டி வெளியே வந்து முழு மரையையும் பிடிக்கும். முதலில் 100 மி.மீ போல்ட் வாங்கி வந்திருந்தேன். அது உருளையின் ஓரத்தைத் தொட்டதுமே முடிந்துவிடும். திருப்பிக் கொடுத்து மாற்றினேன்.

ஒரு இணைப்புக்கு இரண்டு போல்ட், மேலும் கீழுமாக 4 அங்குல இடைவெளியில். ஒன்று மட்டும் போட்டால் சட்டம் அதையே அச்சாக வைத்துச் சுழலும். நீளவாக்கில் சாய்வதைத் தடுப்பது இந்த இரண்டு போல்ட்டின் தூரம்தான். ஆறு அங்குல அகலச் சட்டத்தை ஆசாரி வற்புறுத்தியதன் பயன் இங்கேதான் தெரிந்தது. நான்கு அங்குலச் சட்டம் என்றால் போல்ட்டுகளை இவ்வளவு விலக்கி வைக்க முடியாது.

துளை போடுவதில் இரண்டு சட்டம் வீணாகத் தெரிந்தது. காலில் தனியாகவும் சட்டத்தில் தனியாகவும் அளந்து போட்டேன். 3 மி.மீ விலகியது. போல்ட் உருளையின் ஓரத்தில் முட்டி நின்றது. அப்புறம் காலையும் சட்டத்தையும் கிளாம்ப் போட்டுச் சேர்த்து நிறுத்தி, காலின் வெளியிலிருந்து 9 மி.மீ பிட்டால் இரண்டையும் ஒரே மூச்சில் துளைத்தேன். அதன் பிறகுதான் சட்டத்தின் உட்பக்கத்தில் 12 மி.மீ துளை. இதன் ஆழமும் முக்கியம். சட்டத்தின் கனம் 32, போல்ட் வருவது நடுவில் 16இல். உருளையின் நீளம் 22, அதில் பாதி 11. ஆக 27 மி.மீ ஆழம் போனால் உருளையின் மரை சரியாக நடுவுக்கு வரும். பிட்டில் 27ஆம் மி.மீட்டரில் ஒட்டு டேப் சுற்றிக்கொண்டேன். வெளிப்பக்கம் 5 மி.மீ மரம் மிச்சம், துளை தெரியாது. விலகிப்போன இரண்டு துளைகளில் தேக்குக் குச்சியைப் பசை போட்டு அடித்து, ஒரு நாள் காயவிட்டு மறுபடி துளைத்தேன். அவையும் இன்றுவரை நிற்கின்றன.

மாட்டும்போது 16 போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் ஏற்றினோம். ரசமட்டம் வைத்துப் பார்த்து, மூலைக்கு மூலை அளந்து இரண்டு அளவும் ஒன்றான பிறகு இறுக்கினோம். எலன் கீயின் குட்டைப் பக்கத்தைப் பிடித்து இறுக்கினால் போதும். வாஷர் மரத்தைக் கடிக்கத் தொடங்கும்போது நிறுத்திவிட வேண்டும். கடைசியில் போல்ட் தலைமேலும் பக்கத்து மரத்திலும் சேர்ந்தாற்போல ஒரு கோடு. போல்ட் நகர்ந்தால் கோடு உடைந்து தெரியும். இது மாமா வேலை பார்த்த இடத்துப் பழக்கம்.

அதோடு ஆட்டம் போய்விட்டது. பிரச்சினை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

தை மாதம் அம்மா ஊரிலிருந்து வந்தார். பேத்திக்கென்று இலவம்பஞ்சு மெத்தை தைத்துக் கொண்டுவந்தார். புது மெத்தை, 3 அங்குலம் உப்பலாக இருந்தது. மேல் கட்டிலில் ஏற்கெனவே 4 அங்குலத் தென்னை நார் மெத்தை உண்டு. இதை அதன்மேல் விரித்தோம். அன்று இரவு பதினொரு மணிக்கு அறைக்குள் போனேன். மகளின் ஒரு கையும் முழங்காலும் தடுப்புச் சட்டத்துக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. நல்ல தூக்கம். அவளைச் சுவர்ப்பக்கம் நகர்த்திவிட்டு, கீழே பாய் விரித்து நானும் அங்கேயே படுத்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து தடுப்பு சரியாகும்வரை இருவரும் கீழேதான் படுத்தார்கள்.

காலையில் டேப்பை எடுத்து அளந்தேன். மெத்தை தாங்கும் ரீப்பர்கள் பக்கச் சட்டத்தின் மேல்விளிம்புக்கு 3 அங்குலம் கீழே இருக்கின்றன. 4 அங்குல மெத்தை போட்டபோது அதன் மேற்பரப்பு விளிம்பைவிட 1 அங்குலம் உயரம். நான் போட்டிருந்த தடுப்பு ஒரே ஒரு பலகை. 3 அங்குல இடைவெளி, 3 அங்குலப் பலகை, ஆக விளிம்பிலிருந்து 6 அங்குலம். மெத்தைக்கு மேலே 5 அங்குலம் நின்றது. இப்போது மெத்தை விளிம்பைவிட 4 அங்குலம் உயர்ந்துவிட்டது. தடுப்பு மெத்தைக்கு மேலே வெறும் 2 அங்குலம். படுத்திருக்கும் பிள்ளையின் தோள் அகலத்துக்கு அது ஒரு தடையே இல்லை.

தடுப்பின் உயரத்தைக் கட்டிலிலிருந்து அளந்ததுதான் என் தவறு. மெத்தையின் மேற்பரப்பிலிருந்து அளக்க வேண்டும். அமெரிக்க விதியில் மெத்தைக்கு மேலே குறைந்தது 5 அங்குலம் இருக்க வேண்டும். ஐரோப்பியத் தரவிதியான இ.என். 747 இன்னும் கண்டிப்பானது, 160 மி.மீ கேட்கிறது. அதாவது ஆறேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். அதனால்தான் அங்கே விற்கும் கட்டில்களில் மெத்தை எதுவரை வரலாம் என்று கோடு போட்டிருப்பார்கள். நம் வீட்டில் மெத்தைமேல் மெத்தை, அதன்மேல் ஜமுக்காளம் என்று ஏறும். குளிர் மாதத்தில் மடித்த போர்வையும் சேரும். அதையெல்லாம் போட்டு, கையால் அழுத்தாமல், அதன் மேலிருந்து அளந்த அளவுதான் அளவு.

நல்லவேளையாகக் கால்களின் தலையை நான் இன்னும் வெட்டவில்லை. தடுப்புக்கு மேலே ஆறு அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. அழகாக இல்லை, வெட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த உயரத்தில் இரண்டாவது பலகைக்கு இடம் கிடைத்தது. இடைவெளிகளையும் மாற்றினேன். பிள்ளையின் உடம்பு கால்வழியாக நழுவி, தலை மாட்டிக்கொள்வதுதான் தடுப்பு இடைவெளியில் உள்ள ஆபத்து. அமெரிக்க விதி மூன்றரை அங்குலத்துக்குமேல் விடாதே என்கிறது, ஐரோப்பிய விதி 60 முதல் 75 மி.மீ. என் 3 அங்குலம் 76 மி.மீ வந்தது. இப்போது இரண்டு இடைவெளியும் 70 மி.மீ, அதாவது இரண்டே முக்கால் அங்குலம். தடுப்பின் உச்சி விளிம்பிலிருந்து பதினொன்றரை அங்குலம். இரண்டு மெத்தையும் போட்ட பிறகு ஏழரை அங்குலம் மேலே நிற்கிறது. கால்களும் தடுப்புக்குமேல் அரை அங்குலம்தான் நீட்டுகின்றன, துணி மாட்டாது.

பலகைகளைக் காலின் உட்பக்கம், அதாவது மெத்தைப் பக்கம் வைத்து மாட்டினேன். முன்பு வெளிப்பக்கம் இருந்தது. பார்வைக்கு அதுதான் நன்றாக இருந்தது. ஆனால் பிள்ளை உருண்டு வந்து பலகையில் மோதும்போது, வெளியே இருந்தால் அந்த விசை முழுவதும் போல்ட்டைப் பிடுங்கப் பார்க்கும். உள்ளே இருந்தால் பலகை காலில் போய்ச் சாய்ந்துகொள்ளும். எம்6, 100 மி.மீ கேரேஜ் போல்ட் போட்டோம். அதன் வழுவழுப்பான உருண்டைத் தலை பிள்ளையின் பக்கம், வெளியே வாஷரும் நைலாக் நட்டும். இதைச் செய்யும்போதே சுவர்ப்பக்கமும் தடுப்பு போட்டேன். சுவர்தான் இருக்கிறதே என்று முதலில் விட்டிருந்தேன். ஆனால் சுவரடியில் ஓடும் டைல்ஸ் பட்டையால் கட்டில் சுவரோடு ஒட்டி நிற்காது. பெருக்கும்போது இன்னும் நகரும். பார்த்தால் 4 அங்குலம் விலகியிருந்தது.

மின்விசிறியை அதற்கு முன்பே கழற்றிவிட்டோம். கட்டிலை முதன்முதலில் நிறுத்திய அன்றே மாமா தூக்குக் குண்டை எடுத்து வரச் சொன்னார். இறக்கையின் நுனியிலிருந்து நூலை விட்டார். குண்டு மேல் கட்டிலின் உள்ளே விழுந்தது. கணக்கும் அதையே சொல்கிறது. அறை அகலம் 120 அங்குலம், விசிறி நடுவில் 60இல், 48 அங்குல விசிறியின் இறக்கை 24. ஆக நுனி சுவரிலிருந்து 36 அங்குலத்தில். கட்டிலின் வெளி ஓரம் 41இல் இருக்கிறது. மேல் மெத்தையில் மகள் எழுந்து நின்று கையைத் தூக்கினால் இறக்கை எட்டும். சின்ன விசிறி மாற்றலாமா என்று யோசித்தோம். 36 அங்குல விசிறி என்றாலும் நுனி கட்டிலைத் தாண்டி ஓர் அங்குலம்தான் தள்ளிப் போகும், கை நீட்டினால் எட்டும். கூரை விசிறியே வேண்டாம் என்று கழற்றி, எதிர்ச் சுவரில் கூண்டு வைத்த சுவர் விசிறி இரண்டு மாட்டினோம். ஒன்று மேலே, ஒன்று கீழே. செலவில் இது பெரிய பங்கு. ஆனால் கீழ்க் கட்டிலுக்கும் கூரை விசிறிக் காற்று சரியாக இறங்காது, எப்படியும் தேவைப்பட்டிருக்கும்.

ஏணி மாசியில் மாறியது. முதல் ஏணிக்கு ஒரு அங்குல இரும்புக் குழாயைப் படியாக வைத்து, மேலே கொக்கி போட்டுச் சட்டத்தில் மாட்டியிருந்தேன். வெறுங்காலில் உருண்டைக் குழாய் உள்ளங்காலை அழுத்தும். மகள் வலிக்கிறது என்று சொல்லவில்லை. இறங்கும்போது கடைசி இரண்டு படியை விட்டுக் குதிக்க ஆரம்பித்தாள். ஏன் என்று கேட்டபோதுதான் சொன்னாள். கொக்கியும் சரியில்லை, விளையாட்டில் ஏணி தூக்கிக்கொண்டு வந்தது.

புது ஏணியின் படி 3 அங்குல அகலத் தட்டைப் பலகை, முன் ஓரம் உருட்டி இழைத்தது. பக்கக் கட்டைகளில் அரை அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டி அதில் படியை உட்கார வைத்தேன். எடையைக் காடி தாங்குகிறது, போல்ட் அதை விலகாமல் பிடிக்க மட்டும்தான். படிக்குப் படி 10 அங்குலம், எல்லாம் ஒரே அளவு. இருட்டில் இறங்கும் கால் இந்த அளவைப் பழகிக்கொள்கிறது, ஒரு படி மாறினாலும் தடுமாறும். ஏணியின் மேல்முனை எம்8 போல்ட் இரண்டால் சட்டத்தோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டது. அடியில் ரப்பர். ஏறும் இடத்தில் தடுப்புக்கு 15 அங்குலத் திறப்பு மட்டும் விட்டேன். திறப்பின் இரண்டு பக்கமும் தடுப்பின் முனையைத் தாங்க ஒரு குட்டைக் கால் சட்டத்தில் போல்ட் செய்திருக்கிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் பிள்ளைகள் அதைத்தான் கைப்பிடியாகப் பிடிக்கிறார்கள். மகனுக்கு இப்போதுதான் ஆறு முடிகிறது. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை மேலே படுக்கவைக்கக் கூடாது என்று அமெரிக்கக் கட்டில்களில் எச்சரிக்கை ஒட்டியே விற்கிறார்கள். அவன் இன்னும் ஒரு வருடமாவது கீழேதான்.

செலவு: தேக்கு 11,200 ரூபாய், ரீப்பர் 2,400, அறுத்து இழைக்க 1,500, ஆசாரி கூலி 1,800. பேரல் நட்டும் எம்8 போல்ட்டும் ஜோடி 38 ரூபாய் வீதம் இருபது ஜோடி 760. தடுப்புக்கான கேரேஜ் போல்ட், நைலாக் நட் 288. உப்புத்தாள், பாலிஷ் 900. சுவர் விசிறி இரண்டும் 5,400. தூக்கிப் போட்ட ஸ்க்ரூவும் எல் ஆங்கிளும் 620. மொத்தம் 24,868, மெத்தை சேராமல். கட்டிலை நிற்கவைத்த போல்ட்டுகளுக்கு ஆயிரத்து ஐம்பது ரூபாய்கூட ஆகவில்லை.

மறுபடி செய்தால் ரீப்பரை விளிம்பிலிருந்து 3 அங்குலத்துக்குப் பதில் நாலரை அங்குலம் கீழே இறக்குவேன். அதே மெத்தைக்கு மேலே தடுப்பு இன்னும் ஒன்றரை அங்குலம் கூடுதலாக நிற்கும். மேல் கட்டிலின் ரீப்பர்களை முதல் நாளே ஸ்க்ரூ போட்டு இறுக்குவேன். சும்மா அடுக்கி வைத்திருந்தேன், மகன் கீழே படுத்துக் காலால் உதைத்து ஒன்றைத் தூக்கிவிட்டான். இப்போது ஒவ்வொன்றுக்கும் இரு முனையிலும் ஸ்க்ரூ இருக்கிறது.

போல்ட்டை ஒருமுறை இறுக்கியதோடு விட முடியாது என்பது பங்குனியில் தெரிந்தது. மழைக்காலத்து ஈரத்தில் கட்டியது, வெயில் ஏறியதும் மரம் சுருங்கியது. கோடுகள் நேராகத்தான் இருந்தன, போல்ட் நகரவில்லை, ஆனால் எலன் கீ வைத்தபோது பதினாறில் ஒன்பது போல்ட்டுகள் கால் சுற்று இறுகின. அன்று பழைய கோடுகளை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுப் புதுக்கோடு போட்டேன். அதற்குப் பிறகு மாதத்தின் முதல் ஞாயிறு கீயை வைத்துப் பார்க்கிறேன். வைகாசியில் ஏணிப்பக்கம் இரண்டு மட்டும் அரைக்கால் சுற்று எடுத்தன. ஆனியிலும் ஆடியிலும் எதுவும் எடுக்கவில்லை.